தியாவ வீட்ல விட்டுட்டுப் போகாத

ஏய் சுதா,

நேத்து ராத்திரி நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டதுலேர்ந்து மனசே ஆறல, அதான் உக்காந்து டைப் பண்றேன். வாய்ஸ்லயே பதில் சொன்னா நீ பாதி கேட்டுட்டு அடுப்பப் பாக்கப் போயிடுவ. அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல. இவருக்கு ஷிஃப்ட் மாறிடுச்சு. பெருங்களத்தூர்ல தண்ணி லாரி கத எப்பவும் போல. டைகர் மேடம் ரிட்டயர் ஆயிட்டாங்களாம், தெரியுமா? அத நேர்ல பேசிக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கொல்லிமலைக்கு குலதெய்வம் கும்பிடப் போறோம், தியாவ மட்டும் பாட்டிகிட்ட விட்டுட்டுப் போறோம்னு சொன்ன பாரு, அது வேணாம்டி. அவளுக்குத்தான் மொட்ட போடணும்னு வேண்டிக்கிட்டதே நீ. கொடைக்கானல் பஸ்ல வழியெல்லாம் வாந்தி எடுத்தா, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, உன் வீட்டுக்காரர் கத்தினாரு, எல்லாம் புரியுது. ஆனா ஏழு வயசுப் புள்ளைக்கு இது வரது ரொம்ப சகஜம். ரெண்டு வயசுக்குக் கீழ அவ்ளோவா வராது, அப்புறம் ஆரம்பிச்சு பத்து வயசு வரைக்கும் ஜாஸ்தியாகும், வளர வளரக் கொறஞ்சிடும். உனக்கு ஒத்தத் தலைவலி இருக்குல்ல, அந்த மாதிரி வீட்டுப் புள்ளைங்களுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தியாவே வரும். அவ சீன் போடல. அத மொதல்ல அவரு காதுல போடு.

எங்க கவினும் இப்படித்தான், உனக்குத் தெரியும். மகாபலிபுரம் போறதுக்கே மூஞ்சி வெளிறிடும். இந்தத் தடவ ஏற்காடு போறதுக்கு முன்னாடி நான் டாக்டர்கிட்ட உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு வந்தேன். அங்க இருவது ஹேர்பின் பெண்ட், உங்க கொல்லிமலைல எழுவது. அதனாலதான் இவ்ளோ விவரமா எழுதுறேன்.

காதுக்குள்ள உடம்போட ஆட்டத்த உணர்ற ஒரு பகுதி இருக்கு. வண்டி வளையும்போது அது "நாம திரும்புறோம், சாயுறோம்"னு மூளைக்குச் சொல்லுது. ஆனா புள்ளை கண்ணு முன்னாடி இருக்கிறது முன் சீட்டோட முதுகு, இல்ல போன் ஸ்கிரீன். கண்ணு "எதுவும் அசையல"ங்குது. ரெண்டும் ஒத்துப்போகலன்னா மூளை கொழம்பி வயித்தப் பிரட்டுது. தியா உசரத்துக்கு ஜன்னல் வழியா வானத்த தவிர ஒண்ணும் தெரியாது, யோசிச்சுப் பாரு. அதுலயும் சுமார் அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ ஊஞ்சல் மாதிரி மெதுவா அலையுற ஆட்டம்தான் ரொம்பப் படுத்துமாம். பள்ளத்துல டடடன்னு குலுங்குறதுக்கு வாந்தி வராது, ஆனா மலையில ஒரு வளைவு முடியுறதுக்குள்ள அடுத்த வளைவு வருது பாரு, அதுக்கு வரும்.

வண்டி ஓட்டுறவங்களுக்கு ஏன் பெரும்பாலும் தல சுத்துறதில்ல, யோசிச்சிருக்கியா? அடுத்து என்ன வரப்போகுதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும், வளைவு வந்தா அவங்க தல தானா வளைவோட உள்பக்கமா சாயும். நம்ம தல வெளிப்பக்கமா தள்ளப்படுது. டாக்டர் இத சொன்னதும் எனக்கு ஒரு யோசன வந்துச்சு. கவின் கைல ஒரு சின்ன எவர்சில்வர் தட்டக் குடுத்து "நீதான் டிரைவர், வளைவுக்கு வளைவு நீயும் திருப்பணும்"னு சொல்லிட்டேன். ஒவ்வொரு ஹேர்பின்லயும் நம்பர் போர்டு இருக்குமே, அது தூரத்துல தெரிஞ்ச உடனே அவன் கத்தணும். கொல்லிமலைலயும் அப்படி போர்டு இருக்கு. போர்டத் தேடுறதுக்காகவே கண்ணு ரோட்டு மேலயே இருந்துச்சு, தட்டத் திருப்பும்போது உடம்பும் கூடவே வளைவுக்குள்ள சாஞ்சுச்சு. "ஏழு... எட்டு வருது, எட்டு வருது!"ன்னு அவன் கத்துற கத்துல டிரைவர் அண்ணனே ஹாரன் அடிச்சு சிரிச்சாரு. வாந்தி கவரத் தொட விடாம பத்து பெண்ட் தாண்டினான்.

ஆனா இதுக்கு அவன் உக்காந்த இடம் சரியா இருக்கணும். வேன்ல அவனுக்கு நடு வரிசைல நடு சீட்டு குடுத்தோம், கீழ ஒரு குட்டி மெத்த வெச்சு உசத்தி, பெல்ட் போட்டு. அங்கேர்ந்து முன் கண்ணாடி வழியா ரோடு தெரியும். சைடு ஜன்னல் வேணாம், பக்கத்துல மரமெல்லாம் சர்ருன்னு ஓடுறதப் பாத்தாலே பிரட்டும். பின் சீட்டு வேணவே வேணாம், பின் சக்கரத்துக்குப் பின்னாடி ஆட்டம் இன்னும் ஜாஸ்தியா தெரியும். டிரைவர் பக்கத்து சீட்டுல மடியில வெச்சுக்கறதும் கூடாது. எவ்ளோ ஆசையா முன்னாடி போகணும்னு அழுதாலும் விடாத, பிரேக் அடிச்சா கதையே வேற.

மருந்து விஷயம். நீ கொடைக்கானல் பஸ்ல குடுத்தது ஒண்டான்செட்ரான் சிரப்தானே? நம்ம வீட்ல எல்லார்கிட்டயும் இருக்கிற அதே பாட்டில். அது வயித்துக் கோளாறு வாந்திக்கு நல்லா கேக்கும், ஆனா பயண வாந்திக்கு பெருசா உதவாது. இது காதுலேர்ந்து கெளம்புற வாந்தி, வழியே வேற. அதான் உனக்கு அது கேக்கல, நீ கொறவா குடுத்தேன்னு நெனச்சிக்காத. இதுக்குன்னு இருக்கிறது அலர்ஜி மாத்திர வகை. கவினுக்கு எங்க டாக்டர் ப்ரோமெத்தசின் எழுதினாரு, நம்ம அவோமின்தான், அவன் வயசுக்கு அர மாத்திர, அதாவது 12.5 மில்லிகிராம். மலை ஏற ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மணியிலேர்ந்து ரெண்டு மணி நேரம் முன்னாடி குடுக்கணும். முந்தின ராத்திரி தூங்கப்போகும்போது குடுக்கறதும் உண்டு. வாந்தி ஆரம்பிச்ச பிறகு குடுத்தா பிரயோஜனமில்ல, அந்த நேரத்துல வயிறு எதையும் கீழ தள்ளாது, மாத்திர அப்படியே கெடந்து வெளிய வந்திடும். எல்லாரும் பண்ற தப்பு இதுதான், "வந்தா பாத்துக்கலாம்"னு பைக்குள்ளயே வெச்சிருப்பாங்க.

தியாவுக்கு எவ்ளோன்னு நீயே முடிவு பண்ணாத, அவ எடையச் சொல்லி உங்க டாக்டர்கிட்ட கேளு. சளி சிரப் ஏதாவது குடுத்துட்டிருந்தா அதையும் சொல்லணும், அதுலயும் தூக்கம் வர அதே வகை மருந்து இருக்கும், ரெண்டும் சேந்தா புள்ள ஒரேயடியா மயங்கிடும். உன் தம்பி கொழந்தைக்கு இத தெரியாம கூட குடுத்துடாதீங்க, ரெண்டு வயசுக்குள்ள இந்த மருந்து கூடவே கூடாது, மூச்சே நின்னுடுற ஆபத்து இருக்கு. இன்னொண்ணு, சில புள்ளைங்களுக்கு தூக்கம் வரதுக்கு பதிலா துறுதுறுன்னு ஆயிடும், அழுவும், எகிறும். அது பஸ்ல தெரிய வர வேணாம். டாக்டர் சரின்னா ஒரு ஞாயித்துக்கிழம வீட்லயே குடுத்துப் பாத்துடு, நாங்க அப்படித்தான் பாத்தோம்.

ராத்திரி கிளாம்பாக்கத்துலேர்ந்து ஸ்லீப்பர் பஸ்னு சொன்னல்ல? அதுக்கு பதிலா ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல சேலம் வரைக்கும் போயிடுங்க. ரயில்ல படுத்து கண்ண மூடிட்டா பெருசா ஒண்ணும் ஆகாது. பஸ்தான்னா முன்பக்கமா கீழ் பெர்த்து எடு. மேல் பெர்த்து கப்பல் மாதிரி ஆடும். காலைல சேலத்துல எறங்கி ரெண்டு இட்லி, தொட்டுக்க சக்கர. பூரி, பொங்கல், வட பக்கம் போகாத. வெறும் வயித்தோட ஏத்தினா இன்னும் மோசம். அப்புறம் ராசிபுரம் வழியா காரவள்ளி போறதுக்குள்ள அதுவும் செரிச்சிடும், மாத்திரையும் வேல செய்ய ஆரம்பிச்சிருக்கும்.

வேன்ல ஏறின உடனே கண்ணாடில தொங்குற சென்ட்ட கழட்டச் சொல்லு. உன் நாத்தனார் மொழம் மொழமா மல்லிப்பூ வெச்சுப்பாங்கல்ல, அன்னிக்கு மட்டும் பின் சீட்டுல உக்கார வெச்சிடு, கோச்சிக்கிட்டாலும் பரவால்ல. ஏசிய விட ஜன்னல தொறந்து வெச்சா நல்லது. இஞ்சி மரப்பா, எலுமிச்சம்பழம்லாம் பாட்டி குடுத்தனுப்பினா வாங்கிக்கோ, கெடுதல் இல்ல, சில பேருக்குக் கேக்குது, ஆனா எழுவது வளைவுக்கு அத மட்டும் நம்பிப் போகாத.

எப்ப வண்டிய நிறுத்தணும்னு தெரியணும், இதுதான் முக்கியம். கவின் பன்னெண்டாவது பெண்ட்கிட்ட கத்துறத நிறுத்திட்டான். நான் திரும்பிப் பாத்தா கொட்டாவி விடுறான், எச்சிய எச்சிய முழுங்குறான், ஒதட்டச் சுத்தி வெள்ளையாயிடுச்சு, மேல் ஒதட்டுல முத்து முத்தா வேர்வ. "ஒண்ணுமில்லம்மா"ங்குறான், ஆனா அதுதான் அறிகுறி, அதுக்கப்புறம் அஞ்சு பத்து நிமிஷம்தான் டைம். உடனே ஓரமா இடம் பாத்து நிறுத்தச் சொல்லி எறக்கி, தரையில நிக்க வெச்சு, கீழ தெரியுற சேலத்தக் காட்டினேன். பத்து நிமிஷத்துல நெறம் திரும்பிடுச்சு. மேல போய்ச் சேர்ற வரைக்கும் வாந்தி இல்ல. எறங்கும்போதுதான் அவன் அத்த பையன் போன்ல போட்டோ காட்டினான், குனிஞ்சு பாத்த ரெண்டு வளைவுலயே வந்துடுச்சு. அப்படி வந்துட்டா திட்டாம வாய் கொப்பளிக்க வெச்சு, அரமணி நேரம் தண்ணிய ஸ்பூன் ஸ்பூனா மட்டும் குடு. மடக்கு மடக்குன்னு குடிக்க விட்டா திரும்ப வரும்.

வண்டிய விட்டு எறங்கி கொஞ்ச நேரத்துல இது நின்னுடணும். வீட்டுக்கு வந்த பிறகும் வாந்தி தொடர்ந்தா, இல்ல வண்டியே ஏறாத நாள்ல காலைல எழுந்ததும் தலவலி வாந்தின்னா, நடக்கும்போது தள்ளாடினா, பயண வாந்தின்னு விட்டுடாத, உடனே டாக்டர்கிட்ட காட்டு.

சுதா, நீ சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு தூக்கத்தக் கெடுத்துச்சு. "நானே வரலம்மா, உங்களுக்குத் தொல்ல"ன்னு தியாவே சொன்னாளாம். ஏழு வயசுப் புள்ள அப்படிச் சொல்லக் கூடாதுடி. பயம் இருந்தாலே பஸ் வாசன வந்ததும் வயிறு பிரட்ட ஆரம்பிச்சிடும், அவரு கத்தினா அது இன்னும் ஏறும். அவகிட்ட, வாந்தி வந்தா கவர் இருக்கு, மாத்து டிரெஸ் இருக்கு, யாரும் திட்ட மாட்டாங்கன்னு மொதல்லயே சொல்லிடு. அவரையும் பக்கத்துல வெச்சிக்கிட்டு சொல்லு. அப்புறம் வழியெல்லாம் "வருதா, வருதா"ன்னு கேக்காத, நீ அப்படிக் கேக்குற ஆளு.

டிரைவர்கிட்ட மொதல்லயே பேசிடு, சின்னப் புள்ள இருக்கு, வளைவுல எகிறி அடிக்க வேணாம், சமமா ஏத்துங்கன்னு. நேரம் ஒரு அரமணி கூட ஆகட்டும்.

இந்த வாரத்துக்குள்ள டாக்டரப் பாத்துட்டு என்ன சொன்னாருன்னு எனக்கு மெசேஜ் போடு. ரயில் டிக்கெட்ட இன்னிக்கே பாரு, லீவு நேரத்துல சேலத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான் கெடைக்கும், கீழ் பெர்த்து வேணும்னா சீக்கிரம் போடணும். ஞாயித்துக்கிழம அம்பத்தூர் பக்கம் ஒரு கல்யாணம், முடிஞ்சதும் உன் வீட்டுக்கு வரேன், தியாவுக்கு போர்டு கத்துற வெளையாட்ட கவினே சொல்லித் தரட்டும்.

உன்
மீனா