கீழ ஒரே ஒரு பெரிய தடுப்பணை வேண்டாம்: மே 1 கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

பஞ்சாயத்து தலைவர் அவர்களுக்கும், வார்டு மெம்பர்களுக்கும், மே 1 கிராம சபைக்கு வரப்போற அண்ணன்மார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

மரவள்ளிக்காட்டு ஓடைப் பள்ளத்துக்கு கீழ்க்கடைசில ஆறடி உயரத்துல ஒரு கான்கிரீட் தடுப்பணை கட்டலாம்னு தீர்மானம் வரப்போகுதுன்னு கேள்விப்பட்டேன். தடுப்பணையே வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா அந்த இடத்துல அந்த ஒரு சுவர் மட்டும் நின்னா பள்ளம் நிக்காது, மேல மேல ஏறிக்கிட்டேதான் இருக்கும். அது ஏன்னு நேர்ல பார்த்ததையும் அளந்ததையும் வெச்சு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

2024 டிசம்பர் மாசம் ஃபெஞ்சல் புயல் மழை யாருக்கும் மறந்திருக்காது. பக்கத்துல ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுச்சு, நம்ம அரூர் பக்கமும் பேய்மழை. அந்த மழைக்கு முன்னாடி பள்ளத்தோட தலைமாட்டுக்கு நேரா வரப்புல நான் ஒரு முளைக்குச்சி அடிச்சு வெச்சிருந்தேன். மழை விட்டு மூணாம் நாள் போய் பார்த்தா முளைக்குச்சியும் இல்ல, அது நின்ன வரப்பும் இல்ல, பள்ளத்தோட வாய் 14 அடி மேல ஏறி வந்து எங்க சித்தப்பா வீட்டு மரவள்ளிய ரெண்டு சால் முழுங்கியிருந்துச்சு. வாய்க்கு அடியில ஆளு இடுப்பளவுக்கு ஒரு குழி, அதுல கலங்கல் தண்ணி. குழிக்கு மேல நிலம் கூரை மாதிரி துருத்திக்கிட்டு நின்னுச்சு, நான் பார்த்துட்டு இருக்கும்போதே அதுல ஒரு பாளம் வேரோட பொத்துன்னு விழுந்துச்சு.

நடக்கறது இதுதான். பள்ளம் மேலருந்து கீழ வளரல, கீழருந்து மேல வளருது. தண்ணி வாய்ல அருவி மாதிரி விழுது, விழுந்த இடத்துல குழி பறிக்குது, குழி அடிமண்ண தின்னுது, மேல இருக்கறது தாங்காம சரியுது, வாய் இன்னும் ஒரு எட்டு மேல போகுது. கீழ 240 அடி தள்ளி சுவர் கட்டினா அந்த வாய்க்கு அது என்ன செய்யும்?

சரி, பக்கத்துக்காட்டுல ஏன் பள்ளம் விழல? அதுவும் அதே சரிவுதான், அதே மரவள்ளிதான், அதே மழைதான். ரொம்ப நாள் எனக்கும் புரியாம இருந்துச்சு. பள்ளத்துக்குள்ள இறங்கி பக்கச்சுவர பாருங்க, விஷயம் அங்கயே இருக்கு. மேல ஒரு ரெண்டடிக்கு செம்மண். அதுக்கு கீழ ஒரு முழம் கெட்டியான களி கலந்த செவப்பு மண்ணு, கடப்பாறை போட்டாதான் பேரும். அதுக்கும் கீழ ஆறேழு அடிக்கு உளுத்த பாறை. பார்க்க பாறை மாதிரி கோடுகோடா இருக்கும், ஆனா கையில எடுத்து நெருக்கினா பொலபொலன்னு உதிர்ந்துரும், வெள்ளையா மாவு மாதிரி ஒண்ணும் நறநறன்னு மணலும் கையில நிக்கும். நம்ம தருமபுரி மாவட்டத்துல பெரும்பாலும் சார்னகைட், நைஸ்னு சொல்ற பழைய கெட்டிப்பாறைங்கதான். அது வெடிப்பு இருக்கற பக்கமா தண்ணி இறங்கி இறங்கி லட்சக்கணக்கான வருஷத்துல உளுத்துப்போகும், வெடிப்பு இல்லாத இடத்துல கெட்டியாவே நிக்கும். அதனாலதான் ஒரே காட்டுல ஒரு மூலைல ரெண்டடிலயே பாறை தட்டுது, இன்னொரு மூலைல பத்தடி தோண்டினாலும் மாவு மாதிரி வருது.

இப்ப பாருங்க, அந்த கெட்டி செவப்பு மண்ணு ஒரு மூடி மாதிரி. அது கிழியாத வரைக்கும் தண்ணி மேலாப்புல சின்னச்சின்ன கீறலா போகும், அடுத்த உழவுல அது மறைஞ்சிரும். டிராக்டர் தடத்துலயோ மாடு இறங்கற தடத்துலயோ ஒரு தடவ அந்த மூடி கிழிஞ்சிருச்சுன்னா கீழ இருக்கற உதிரிக்கு தண்ணிய தாங்கற சக்தியே கிடையாது. பக்கத்துக்காட்டுல ரெண்டடிலயே பாறை இருக்கறதால கிழிஞ்சாலும் ரெண்டடியோட நின்னுச்சு. நம்ம பள்ளத்துலயும் கீழ்க்கடைசில படுகைல ஒரு பாறை தெரியுது பாருங்க, அந்த இடத்துல ஆழம் கூடவே இல்ல. இத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

சரிவ பத்தியும் சொல்லணும். சரிவு அதிகம்னா அரிப்பு அதிகம்னு எல்லாரும் சொல்றோம், அது பாதிதான். எவ்ளோ தண்ணி ஒண்ணு சேர்ந்து வருதுங்கறது மீதி. மேல இருக்கற ரெண்டு மேட்டுக்கு நடுவுல இந்தக்காடு ஒரு தாழ்வு, கிட்டத்தட்ட 10 ஏக்கர் தண்ணி இங்கதான் வந்து சேருது. ஒரு அங்குலம் மழை பெஞ்சா 10 ஏக்கர்ல விழறது 10 லட்சம் லிட்டர். பாதி ஊறிட்டாலும் 5 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி 40க்கு மேல, அத்தனையும் அந்த ஒரு வாய் வழியா. இதுல மரவள்ளி பாரு வேற சரிவோட நேரா மேலருந்து கீழ பிடிச்சிருக்கோம், ஒவ்வொரு பாரும் ஒரு வாய்க்கால் ஆயிருது.

அதனால வேலை மேல இருந்து ஆரம்பிக்கணும். முதல் வேலை, வாய்க்கு மேல 30 அடி தள்ளி ஒரு மண் கரை போட்டு, வர்ற தண்ணிய வடக்கால இருக்கற பாறைத்தடத்துக்கு திருப்பி விடணும். அங்க பாறை மேலயே தெரியுது, எவ்ளோ ஓடினாலும் அரிக்காது. அப்புறம் வாய செங்குத்தா விடாம சரிவா வெட்டி, மொதல்ல சரளை பரப்பி அதுமேல கல் பதிக்கணும். சரளை இல்லாம நேரா கல்ல வெச்சா கல்லு சந்து வழியா மண்ணு உருவிக்கிட்டு போயிரும், ஒரே மழைல கல்லு உள்ள இறங்கிரும்.

ரெண்டாவது, மேக்காட்டுல படிவரப்பு. அங்க சரிவு 100 அடிக்கு 15 அடின்னு கொத்தனார் டியூப் மட்டம் வெச்சு அளந்தோம். ஒரு படி மூணடி எறக்கம்னு வெச்சா 20 அடிக்கு ஒரு படி வரும், கல்கட்டு சாய்வுக்கு ஒன்றரை அடி போனா பதினெட்டரை அடி அகலத்துக்கு சமநிலம் கிடைக்கும், டிராக்டர் நீளவாக்குல தாராளமா ஓட்டலாம். ஒரு படில மேப்பாதிய வெட்டி கீப்பாதில போடறோம், அதனால அதிகபட்ச வெட்டு ஒன்றரை அடிதான். செம்மண் ரெண்டடி இருக்கற இடத்துல இது சரியா வரும். செம்மண் ஒரு அடிதான் இருக்கற தெக்கு மூலைல இதே கணக்கு போட்டா அந்த மூடிய நாமளே ஜேசிபி வெச்சு கிழிச்சிருவோம், அங்க ரெண்டடி எறக்கத்துல குறுகலா படி போடணும். எந்த இடமா இருந்தாலும் மேல்மண்ண முதல்ல வழிச்சு ஓரமா குவிச்சுட்டு, படி வெட்டி முடிச்சப்புறம் திருப்பி பரப்பணும். இத செய்யாம விட்ட காட்டுல மூணு வருஷத்துக்கு ஒரு கேழ்வரகு கூட ஒழுங்கா வராது. படி லேசா உள்பக்கம் சாயணும், உள்ளோரத்துல ஒரு சின்ன வாய்க்கால், அது போய் அதே பாறைத்தடத்துல சேரணும். கல்கட்டு ஓரத்துல கொழுக்கட்டைப் புல்லு வெச்சா வேர் பிடிச்சுக்கும், மாட்டுக்கும் ஆகும்.

மூணாவதுதான் தடுப்பணை. பள்ளம் 240 அடி நீளம், படுகை மொத்தம் 18 அடி எறங்குது. ஆறடி சுவர் ஒண்ணு கீழ கட்டினா அதுக்கு பின்னாடி வண்டல் சமமா நிக்கறது 80 அடி தூரத்துக்குத்தான், மீதி 160 அடி இப்ப மாதிரியே அறுத்துக்கிட்டு கிடக்கும். அதுக்கு பதிலா தண்ணி வழியற இடம் மூணடி உயரத்துல இருக்கற மாதிரி கல் தடுப்பு போட்டா, கீழ்த்தடுப்போட வழியற மட்டமும் மேல்தடுப்போட காலடி மட்டமும் ஒண்ணா இருக்கணும், அது 40 அடிக்கு ஒண்ணு வரும். மொத்தம் ஆறு. ஒவ்வொண்ணும் மண்ண நிறுத்தி ஒரு படியா மாறிரும், பள்ளமே படிவரப்பு ஆயிரும். முதல் தடுப்ப நான் சொன்ன அந்த கீழ்ப்பாறை மேல உக்கார வைக்கணும், அங்கருந்து மேல ஏறணும். அடி பாறைல நின்னா அதுக்கு மேல இருக்கற அஞ்சும் நிக்கும்.

நம்ம ஊர் மேற்கு ஓடைல முன்ன கட்டின சுவர் எல்லாருக்கும் தெரியும். சுவர் இன்னும் அப்படியே நிக்குது, ஒரு கீறல் இல்ல, தண்ணி மட்டும் இடது கரைய அறுத்துக்கிட்டு பக்கத்துல போகுது. ஏன்னா சுவர் கரைக்குள்ள ஒரு சாண் கூட நுழையல, நடுவுல தண்ணி வழிய தாழ்வும் விடல. யார் கட்டினாங்கன்னு பேச நான் வரல, திரும்பவும் அப்படி கட்டக்கூடாதுன்னுதான் சொல்றேன். கல் தடுப்பு ரெண்டு கரைக்குள்ளயும் ஒன்றரை ரெண்டடி புதையணும், நடுவுல ரெண்டு ஓரத்தவிட ஒரு அடி தாழ்வா இருக்கணும், தண்ணி விழற பக்கம் ஆறடி தூரத்துக்கு கல் பாவணும். உருண்டைக்கல் ஆகாது, மூலை இருக்கற கல்லா வேணும், ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும். மழைக்கப்புறம் போய் பார்க்க வேண்டியது ரெண்டே இடம்: கரை ஓரத்துல புதுசா ஈரவெட்டு தெரியுதா, தடுப்புக்கு கீழ குழி ஆழமாகுதா. தெரிஞ்சா அந்த வாரமே கல் போடணும், அடுத்த மழை வரைக்கும் விட்டா தடுப்பு போயிரும்.

ஒரு இடத்துல மட்டும் எனக்கு பயம் இருக்கு. மேலருந்து நாலாவது தடுப்பு வர்ற இடத்துல கரை வெளுப்பா இருக்கு, அங்கங்க எலி வளை மாதிரி ஓட்டை. அந்த மண்ணுல ஒரு சின்ன கட்டிய காயவெச்சு, கண்ணாடி டம்ளர்ல பிடிச்ச மழைத்தண்ணில மெதுவா விட்டு பார்த்தேன், ஆட்டவே இல்ல. பத்து நிமிஷத்துல கட்டிய சுத்தி பால் மாதிரி ஒரு புகை கிளம்பி டம்ளர் அடியெல்லாம் பரவிருச்சு. மேல இருக்கற செம்மண்ண போட்டப்ப அது உடைஞ்சு உக்காந்துச்சே தவிர தண்ணி தெளிவாவே நின்னுச்சு. பால் விடறது களர் மண்ணு, தண்ணில தானா கரையும், அங்க தடுப்பு கட்டி தண்ணிய தேக்கினா அடியில சுரங்கம் போட்டு வெளிய வந்துரும். போர் தண்ணில இந்த சோதனை செய்யாதீங்க, உப்பு இருந்தா பால் விடாம ஏமாத்தும். அந்த ஒரு தடுப்ப 12 அடி கீழ தள்ளி செம்மண் கரைல வெச்சுட்டு, அதுக்கும் அஞ்சாவது தடுப்புக்கும் வழியற மட்டத்த திரும்ப டியூப் வெச்சு சரிபார்த்து உயரத்த மாத்திக்கணும். மேல காலியா விழற 12 அடிக்கு படுகைல சரளையும் கல்லும் பாவிரணும்.

தீர்மானத்துல நான் கேக்கறது இவ்ளோதான்: "ஒரு கான்கிரீட் தடுப்பணை"ங்கறத எடுத்துட்டு, தண்ணி திருப்பற கரை, வாய்க்கு கல் பதிப்பு, மேக்காட்டு படிவரப்பு, ஆறு கல் தடுப்புன்னு இதே வரிசைல எழுதுங்க. கல்லு நம்ம காட்டு ஓரத்துலயே குவிஞ்சு கிடக்கு. மேக்காட்டுக்காரங்க நாலு பேர்ல மூணு பேர் படிவரப்புக்கு சம்மதம் சொல்லிட்டாங்க, இன்னொருத்தர் நிலம் குறையும்னு தயங்கறார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கல்கட்டுக்கு 20 அடிக்கு ஒன்றரை அடி போகத்தான் செய்யும், அதுக்கு சபை என்ன ஈடு தரலாம்னு அவர் முன்னாடியே பேசணும்.

சபைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு டியூப் மட்டத்தோட பள்ளத்து வாய்ல இருப்பேன். தலைவரும் மெம்பர்களும் இன்ஜினியர் சாரும் வந்தா ஆறு இடத்துலயும் சேர்ந்தே முளைக்குச்சி அடிச்சிரலாம்.

இப்படிக்கு,
மேக்காட்டு விவசாயி ஒருத்தன்