கணக்கில் ஏறாத கடனைக் கணக்குக்குள்ளேயே தேடச் சொல்லும் தேர்வுக் குழுவுக்கு

மதிப்பிற்குரிய மாதிரித் தேர்வுக் குழுவினருக்கு,

வண்டன்மேட்டிலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் நீங்கள் நடத்திய ஆடிட்டிங் மாதிரித் தேர்வில் ஐந்தாம் கேள்விக்கு எனக்குப் பத்துக்கு இரண்டு மார்க். மார்க்குக்காக மட்டும் எழுதவில்லை. அந்தக் கேள்விக்கான மாதிரி விடையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

கேள்வி உங்களுக்கே தெரியும். மசாலா கம்பெனி ஒன்று, சப்ளையர்களுக்குத் தரவேண்டிய பாக்கி 2.4 கோடி, பெயர்ப் பட்டியலில் 212 பேர். வங்கிக் கடனுக்கு நிபந்தனை இருப்பதால் பாக்கியைக் குறைத்துக் காட்ட நிர்வாகத்துக்கு ஆசை இருக்கலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதாவது ரிஸ்க் எங்கே என்று கையைப் பிடித்துக் காட்டிவிட்டீர்கள்: பாக்கி முழுதாகப் பதிவாகியிருக்கிறதா என்பதில். அப்புறம் உங்கள் விடை என்ன சொல்கிறது? அதே பட்டியலில் தொகைக்கேற்ப 40 பேரைத் தேர்ந்தெடுத்து, கணக்கில் உள்ள பாக்கி சரிதானா என்று கேட்டு பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் அனுப்ப வேண்டும். நாற்பதும் ஒத்துப்போனால் சான்று போதும்.

தொகைக்கேற்ப என்றால் 2.4 கோடியை 40 ஆல் வகுத்து, ஒவ்வொரு ஆறு லட்சத்துக்கும் ஒரு ரூபாயைத் தொட்டு, அந்த ரூபாய் யார் கணக்கில் விழுகிறதோ அவரை எடுப்பது. பேலன்ஸ் பெரிதானால் மாட்டும் வாய்ப்பும் பெரிது. பாக்கி கூட்டிக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அருமையான முறை. ஆனால் கணக்கில் பூஜ்யம் என்று நிற்பவர் பக்கம் ஒரு ரூபாயும் இல்லை. அவர் ஒருநாளும் மாட்டமாட்டார். பட்டியலிலேயே இல்லாதவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாம்பிளை 40 இல்லை, 212 ஆக்கினாலும் இதே கதைதான்.

இது ஏட்டுப் பேச்சு இல்லை. நான் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் ஆபீஸில் ஒரு ஏலக்காய் வியாபாரக் கம்பெனியின் ஆடிட். குடோனில் சரக்கு இறங்கும்போது எழுதும் எடைச் சீட்டுப் புத்தகம், கார்பன் வைத்தது, வரிசை எண் போட்டது. மார்ச் கடைசி வாரச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பர்ச்சேஸ் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். மார்ச் 29 தேதியிட்ட ஒரு சீட்டுக்குப் பதிவே இல்லை: எட்டு மூட்டை, 400 கிலோ. பில் ஏப்ரல் 3 என்று போட்டு அடுத்த வருடத்தில் ஏற்றியிருந்தார்கள். ஏப்ரல் 9 வங்கி ஸ்டேட்மெண்டில் பத்து லட்சம் போயிருந்தது. கிலோ 2,500 வீதம் கணக்கு அப்படியே பொருந்தியது. மார்ச் 31 ஸ்டாக் எண்ணிக்கையில் அந்த எட்டு மூட்டையும் இருந்தன. சரக்கு உள்ளே, கடன் வெளியே. லாபம் பத்து லட்சம் கூடுதல். அந்தத் தோட்டக்காரர் முதல்முறை சரக்குக் கொடுத்தவர், மார்ச் பட்டியலில் பெயரே கிடையாது. உங்கள் நாற்பது கடிதத்தில் எது அவர் வீட்டுக்குப் போயிருக்கும்?

இதைத்தான் விடைத்தாளில் எழுதினேன்: பட்டியலிலிருந்து பில்லுக்குப் போகாமல், சரக்கு வந்த சீட்டிலிருந்தும் ஆண்டு முடிந்த பின் போன பணத்திலிருந்தும் லெட்ஜருக்கு வர வேண்டும். ஆடிட் சான்று பற்றிய தரநிலையான எஸ்.ஏ. 500 இதே பாக்கியைத்தான் உதாரணமாகச் சொல்கிறது. இதற்கும் எல்லை உண்டு என்பதையும் எழுதினேன். ஆடிட் முடியும்வரை பணமே கொடுக்காவிட்டால் வங்கி ஸ்டேட்மெண்ட் காட்டாது. சீட்டுக்கு வரிசை எண் இல்லாவிட்டால் ஒன்றைக் கிழித்துவிட்டாலும் தெரியாது. அப்போது வழக்கமான சப்ளையர்களுக்கு, பேலன்ஸ் பூஜ்யமானாலும், தொகையை எழுதாமல் விட்டு அவர்களையே நிரப்பச் சொல்லிக் கடிதம் அனுப்பலாம். இவ்வளவுக்கும் கிடைத்தது "கேள்வியோடு தொடர்பில்லை" என்ற சிவப்பு மை.

ரிஸ்க் பற்றிய பகுதிக்கும் "ஹை" என்று ஒரே சொல் எழுதியவர்களுக்கு முழு மார்க் என்று கேள்விப்பட்டேன். எதில் ஹை? பாக்கி இருக்கிறதா என்பதிலா, விட்டுப்போனதா என்பதிலா? மலையில் மழை ஹை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சரி, கோபம் வந்துவிட்டது, மன்னியுங்கள். ஆனால் விடியற்காலை பஸ் பிடித்து கம்பம்மெட்டு வளைவுகளில் தலை சுற்றி இறங்கி வந்து தேர்வு எழுதுகிறவர்கள், உங்கள் விடையைத்தான் மனப்பாடம் செய்து உண்மைத் தேர்வுக்குப் போகிறார்கள்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். ஐந்தாம் கேள்வியின் மாதிரி விடையைத் திரும்பப் பெறுங்கள். எடைச் சீட்டு, பின்வந்த பணம் என்று எழுதியவர்களின் தாள்களை மறுபடி திருத்துங்கள். அந்தப் பழைய விடையே சரி என்றால், மார்ச் 29 சீட்டை அது எந்த வழியில் பிடிக்கும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வண்டன்மேட்டு மாணவி ஒருத்தி