தலைப்பு கேட்டிருந்தியே தாயி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், தடைக்காலம் நடக்குது, போட்டெல்லாம் கரையிலதான் நிக்குது. நீ கதைய அனுப்பி "தலைப்பு மட்டும் சொல்லுங்கப்பா"ன்னு ஒரே வரி போட்டிருந்த, வேற எதுவும் எழுதல. சரி, கேட்டதுக்கு சொல்றேன்.

மொதல்ல 'அலைகள்'னு வச்சிருந்தியே, அது வேணாம். ஸ்கூல் ஆண்டு மலருக்கு நான் கதை வாங்கின காலத்துல பாதி பிள்ளைங்க 'அலைகள்', 'கண்ணீர்', 'காத்திருப்பு'ன்னுதான் கொண்டு வருவாங்க. தலைப்ப அப்படியே தூக்கி பக்கத்து பிள்ளை கதைக்கு வச்சாலும் பொருந்துச்சுன்னா அது உன் தலைப்பு இல்ல. பாம்பன்ல இருந்து தொண்டி வரைக்கும் எவன் எழுதினாலும் அலை வரத்தான செய்யும்.

அடுத்து மாத்தினியே 'கடலுக்குப் போகாதவன்', அது அழகாத்தான் இருக்கு, ஆனா கதையையே போட்டு உடைச்சிருச்சு. உன் கதையில புருஷன் மண்டபத்துப் போட்டுல வேலைக்குப் போறேன்னு கிளம்புறான், வரல, தங்கச்சிமடமே இலங்கை நேவி பிடிச்சிருச்சுன்னு பேசுது, அவ மனு எழுதிட்டு மீன்துறை ஆபீஸுக்கு நடக்குறா, அங்க கிளார்க் நோட்ட புரட்டிட்டு "அன்னைக்கு இந்த போட்டுக்கு டோக்கனே எடுக்கலியேம்மா"ங்கிறாரு. டோக்கன் எடுக்கலன்னா போட்டு கடலுக்கே போகலன்னுதான அர்த்தம், அந்த ஒரு வரிக்காகத்தான் முன்னால அஞ்சு பக்கம் எழுதிருக்க. தலைப்ப பாத்தவனுக்கு அஞ்சு பக்கமும் தெரிஞ்ச சங்கதி, பக்கத்து வீட்டுக்காரி அழுறது கூட அவனுக்கு வேடிக்கையா போயிரும்.

முடிவ தலைப்புல சொல்லவே கூடாதான்னு கேப்ப, நீ சின்னதுல இருந்தே அப்படித்தான். டால்ஸ்டாய் 1886லயே 'இவான் இலியிச்சின் மரணம்'னு வச்சாரு, கதை ஆரம்பிக்கிறதே அவன் செத்த சேதிலதான். அங்க சாவானா மாட்டானாங்கிறது கேள்வி இல்ல, எப்படி வாழ்ந்து எப்படி செத்தான்கிறதுதான். நீயும் அப்படி எழுதலாம், ஆனா அதுக்கு கதைய மாத்தணும், அவன் கடலுக்குப் போகலன்னு வாசகனுக்கு மொதல்லயே தெரியும், அவளுக்கு எப்ப தெரியும்னு நெஞ்சு பதைக்க படிக்கணும். இப்ப இருக்கிற கதைக்கு அது ஆகாது.

'தடைக்காலம்'னு ஒண்ணு ஓரத்துல கிறுக்கிருந்த. அடிச்சிரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, அப்ப புருஷன் போட்டுக்குப் போறேன்னு சொன்னா நம்ம ஊர்ல சின்னப் புள்ள கூட சிரிக்கும். அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ நின்னு போச்சுன்னு காட்டத்தான் அத எழுதிப் பாத்திருக்கன்னு அப்பாவுக்குப் புரியுது.

என் யோசனை 'டோக்கன்'. படிக்க முன்னாடி அது வெறும் காகிதம், ஒண்ணும் காட்டிக் கொடுக்காது. படிச்சு முடிச்சிட்டு மேல பாத்தா அந்த சொல்லே குத்தும். புதுமைப்பித்தன் 'பொன்னகரம்'னு வச்சது அப்படித்தான், கதைய முடிச்சப்புறம்தான் அந்தப் பேரு சுடும். ஆனா ஒரு வேலை இருக்கு. இப்ப உன் கதையில டோக்கன் கடைசி பக்கத்துலதான் வருது. அப்படியே விட்டா படிக்கிறவன் எங்கடா டோக்கன்னு தேடிக்கிட்டே வருவான், வந்ததும் இதானான்னு கண்டுபிடிச்சிருவான். அதனால மொதப் பக்கத்துலயே சாதாரணமா ஒரு தடவை போட்டுரு, "டோக்கன் போட்டாச்சு, விடியக்காலைல கிளம்பணும்"னு அவனே சொல்லட்டும். பொய்யும் அவன் வாயிலயே வந்துரும், வாசகன் கவனிக்காம தாண்டிருவான். மொத வாக்கியத்துல மட்டும் வேணாம், தலைப்பு சொன்னதையே அடுத்த வரி திரும்ப சொன்ன மாதிரி ஆயிரும்.

போன வருஷம் பத்திரிகையில உன் கதை வந்தப்ப சலூன்ல எல்லாருக்கும் காட்டினேன், அம்மா அதுக்கு இன்னும் கிண்டல் பண்றா. இந்தக் கதைய அவ பாதில வச்சிட்டா, மீதிய படிக்க மாட்டேங்கிறா. பொங்கலுக்கும் நீ தனியாத்தான் வந்த, மாப்பிள்ளைக்கு லீவு இல்லன்ன, நாங்களும் கேட்டுக்கல.

தலைப்பு சொல்லியாச்சு. கதையில ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு, அந்தப் பொண்ணுக்கு அப்பா இருக்காருன்னு ரெண்டாம் பக்கத்துல எழுதிருக்க, பக்கத்து ஊர்லதான் இருக்காரு, அவகிட்ட பஸ்ஸுக்கு காசும் இருக்கு. ஆபீஸ விட்டு வெளிய வந்தவ ஏன் அவர்கிட்ட போகல? அதுக்கு பதில் எழுது, கதையில வேணாம், எனக்கு எழுது. சேதுல எனக்கு டிக்கெட் பாக்கவா, இல்ல நீயே வர்றியா, அதையும் சொல்லு. நெத்திலிக் கருவாடு காயுது, வந்தா கொண்டு வர்றேன்.

அப்பா