மேல்வீட்டுச் சாவியோடு வந்த ஐயாவுக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

மேற்குத் தாம்பரத்தில் தங்கள் அண்ணன் மகனின் வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். கடந்த நவம்பரில் ஓரிரவு எங்கள் கூடத்தின் மின்விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் கொட்டியபோது, கப்பலில் பணியிலிருந்த உரிமையாளரை எட்ட வழியில்லாத நிலையில் தாங்கள் செய்த உதவிக்கு, தெருவாரும் அறிய நன்றி சொல்ல இதை எழுதுகிறேன்.

முதலில் அது மழைநீர் என்றே நினைத்தோம். ஆனால் மதியமே மழை விட்டிருந்தது. கூரையில் ஊறி வரும் மழைநீர் கலங்கலாக இறங்கிப் போகப்போகக் குறையும். இதுவோ தெளிவாக, ஒரே சீராக விழுந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தால், மாலையில் மோட்டார் போட்டு நிரப்பிய தொட்டி பாதியாகியிருந்தது. மேல்வீட்டுக்குப் போகும் வால்வைத் திருகினேன். துருப்பிடித்திருந்ததால் அது முழுதும் அடைபடவில்லை. மேல்வீடு பூட்டியிருந்தது, சாவி தங்களிடம்.

இந்த இடத்தில் என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். உரிமையாளருக்கு அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நிற்க, ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, "வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினை, சாரிடம் சொல்லுங்கள்" என்று தங்களுக்கு எழுதினேன். அதைப் படிப்பவர் காலையில் பார்க்கலாம் என்றுதானே நினைப்பார்? பிறகு என் மனைவி சொல்லி மறுபடி எழுதினேன்: "ஐயா, மேல்வீட்டிலிருந்து 10 மணி முதல் எங்கள் விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. மெயினை அணைத்துவிட்டோம். மாடி வால்வு சரியாக மூடவில்லை. சாரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. மேல்வீட்டைத் திறந்தால்தான் தண்ணீரை நிறுத்த முடியும். தங்களிடம் உள்ள சாவி வேண்டும்." பன்னிரண்டாம் நிமிடத்தில் தங்கள் ஸ்கூட்டர் வாசலில் நின்றது.

தாங்கள் உடனே பூட்டைத் திறக்கவில்லை. பூட்டைப் படமெடுத்து, அண்ணன் மகனுக்கு நேரத்தோடு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, என்னையும் எதிர்வீட்டுக்காரரையும் உடன் வரச் சொன்ன பிறகே திறந்தீர்கள். உள்ளே சாப்பாட்டு அறையில் வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த கனெக்‌ஷன் குழாய் வெடித்திருந்தது. அந்த அறையில் தண்ணீர் போக வழி இல்லாததால், தரையில் தேங்கிய நீர், கான்கிரீட் போடும்போதே பதித்திருந்த மின்குழாய்க்குள் இறங்கி, எங்கள் விசிறிப் பெட்டியில் வந்து முடிந்திருக்கிறது. சுவரோரம் இருந்த ஆங்கிள் காக்கைத் திருகியதும் நின்றுவிட்டது.

தண்ணீர் நின்றும் மின்சாரம் வரவில்லை. எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும், மின்கசிவு இருந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் இஎல்சிபி மறுபடி மறுபடி விழுந்தது. நேரடியாக இணைத்துவிட்டால் இரவு ஓடிவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உடனிருந்தவர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "ஈரக் கூரைக்குக் கீழே குழந்தைகள் தூங்கும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்" என்று தாங்கள் மறுத்ததை நாங்கள் மறக்கமாட்டோம். அந்த நேரத்திலும் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி காரணத்தை விளக்கினார்: சுவிட்ச் பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல் நேராக விசிறிப் பெட்டி வரை போய்க்கொண்டே இருக்கிறது, அது ஈரத்தில் எர்த்தைத் தொட்டாலும் இஎல்சிபி விழும். கூடத்து லைனின் பேஸ், நியூட்ரல் இரண்டையும் அவர் மெயின் பெட்டியிலேயே கழற்றிவிட, மற்ற அறைகளில் ஒரு மணிக்கு விளக்கெரிந்தது. விசிறிப் பெட்டியைத் திறந்தே வைத்து ஆறு நாள் உலர விட்டு, கம்பிகளில் மின்கசிவு இருக்கிறதா என்று மெகர் கருவியால் சோதித்து, மின்காப்பு ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டிய பின்பே கூடத்துக்கு இணைப்புக் கொடுத்தார். அவருக்கும் மறுநாள் விடிந்ததும் வந்த பிளம்பருக்கும் எங்கள் நன்றி.

செலவு குழாய்க்கு 250, பிளம்பருக்கு 500, எலக்ட்ரீஷியனுக்கு 800, ஆக 1,550 ரூபாய். நான் பாதி தருகிறேன் என்றபோது, பழுதானது மேல்வீட்டுக் குழாய், அதற்குக் கீழ்வீட்டார் ஏன் தர வேண்டும் என்று சொல்லி முழுவதையும் தாங்களே கொடுத்தீர்கள். ரசீதுகளை ஒரு தாளில் ஒட்டி, என் கையெழுத்தும் வாங்கி, உரிமையாளருக்குப் படமாக அனுப்பினீர்கள். ஒன்பதாம் நாள் கப்பல் துறைமுகம் தொட்டதும் அவர் பணத்தைத் தங்களுக்கு அனுப்பிவிட்டு, மாடி வால்வையும் மாற்றிவிடச் சொல்லி எனக்கு எழுதினார். புது வால்வு சென்ற ஞாயிறன்று பொருத்தியாயிற்று. ஒரு விரலால் திருப்பினாலே அடைபடுகிறது. தாங்கள் அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
கீழ்வீட்டுக் குடித்தனக்காரர்