பெயரை நீக்கிய பின்னும் ஆளைக் காட்டும் தாள்கள்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள நண்பருக்கு,

அக்கரைப்பற்றில் எல்லோரும் நலமென்று அறிந்து மகிழ்ந்தேன், இங்கும் நலமே. நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய சீதன உறுதியையும் வைத்தியசாலைக் குறிப்பையும் இரண்டு முறை வாசித்தேன். அவற்றில் உள்ளவர்கள் யாரென்று தெரியாதபடி, மாணவர்களிடம் கொடுப்பதற்கு முன் இன்னும் சிலவற்றைத் திருத்தவேண்டும்.

அடையாள அட்டை இலக்கத்தில் கடைசி நான்கு எண்களை மட்டும் மறைத்திருக்கிறீர்கள். உங்கள் தாளில் உள்ளதை இங்கே எழுதாமல், 72645 என்று தொடங்கும் ஒரு பழைய இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்றும் பிறந்த நாள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்று காட்டும். பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 645 இலிருந்து 500 ஐக் கழித்தால் 145 வரும். பெப்ரவரியை எந்த ஆண்டிலும் 29 நாட்களாகக் கொள்வதே வழக்கமாதலால் அது மே 24. ஆகவே 1972 மே 24 இல் பிறந்த பெண் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. புதிய 12 எண் இலக்கத்திலும் முதல் ஏழு எண்கள் இதையே சொல்கின்றன. ஆகையால் முழு இலக்கத்தையும் எடுத்துவிடுங்கள்.

பெயர்களைக் கணினியில் தேடி மாற்றியதாக எழுதியிருந்தீர்கள். தமிழில் பெயர் வேற்றுமை உருபு ஏற்கும்போது அதன் வடிவமே மாறிவிடுவதால் அந்தத் தேடல் போதாது. ‘செல்வம்’ என்று தேடினால் ‘செல்வத்திடம்’ அகப்படாது. ‘கோபாலன்’ என்று தேடினால், இறுதிப் புள்ளி மறைந்துவிடுவதால், ‘கோபாலனுடைய’ தப்பிவிடும். ‘செல்வ’, ‘கோபால’ என்று மாறாத முன்பகுதியைத் தேடி, வந்த ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்தே மாற்றவேண்டும். வெறும் கோடு போடாமல் தாய்க்கு ‘நபர் 1’, மகளுக்கு ‘நபர் 2’ என்று இரண்டு தாள்களிலும் ஒரே குறியை வைத்தால், யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வாசிப்பவருக்குக் குழம்பாது. எந்தக் குறி எவருடையது என்ற பட்டியல் உங்கள் மேசையை விட்டு வெளியே போகக்கூடாது.

என்னை மிகவும் கவலைப்படுத்தியது உறுதியின் கடைசிப் பகுதி. கொடுத்தவர் பெயரையும் பெற்றவர் பெயரையும் கவனமாக நீக்கிய நீங்கள், காணியின் எல்லைகளை அப்படியே விட்டுவிட்டீர்கள். வடக்கே இன்னாருடைய வளவு, தெற்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஒழுங்கை என்று வாசித்த மாத்திரத்தில், நடுவில் இருக்கும் வீடு யாருடையது என்று அந்த ஊரில் ஒரு பிள்ளைகூடச் சொல்லிவிடும். அயலவர்களுக்கும் ‘நபர் 3’, ‘நபர் 4’ என்றே போடுங்கள். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் சேர்ந்து இருந்தால் காணிப் பதிவகத்தில் மூலத்தையே தேடிப் பார்க்கலாம் என்பதால் அவையும் போகவேண்டும்.

திருத்திய பிரதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள்; மூலம் இனி வேண்டாம். அந்தக் குடும்பத்தை அறியாதவன் போல உட்கார்ந்து வாசித்து, ஆளைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்