ஆண்டறிக்கை 2025–26: பணி நிறைவு வாழ்த்து மடல்

மன்ற உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை செயற்குழு ஆறு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். விரிவாகப் பதிந்து வைக்க வேண்டியது, ஜூன் 30 அன்று பணி நிறைவு பெற்ற நம் மின்பாதை ஆய்வாளர் அண்ணனுக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தார் சேர்ந்து எழுதிய வாழ்த்து மடலைப் பற்றி. இனி ஓய்வு பெறுவோருக்கும் இந்த முறையே தொடர வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

இதுவரை பழைய மடலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டு வந்தோம். "பண்பின் சிகரமே, கடமையின் கண்ணே" என்ற வரிகள் யாருக்கும் பொருந்தும். அதனாலேயே வாங்குகிறவர் மனத்தில் தங்குவதில்லை. இம்முறை மூன்று வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டோம்: அண்ணனிடம் நீங்கள் கற்ற வேலை எது? பதினொரு பேர் பதில் தந்தார்கள். அதில் ஏழு பேர் சொன்னது எர்த் ராடு. ஏ.பி. சுவிட்சைத் திறந்து லைன் கிளியர் வாங்கிய பிறகும், ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் திரும்பக் கம்பிக்கு வரலாம். ஆகவே வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த் ராடு போடாமல் அண்ணன் யாரையும் கம்பத்தில் ஏற விட்டதில்லை. மடலின் நடுப்பகுதி இப்படி அமைந்தது:

"மழை கொட்டினாலும், ஊரே போன் செய்து நெருக்கினாலும், இருபுறமும் எர்த் ராடு போட்ட பிறகே 'ஏறு தம்பி' என்பீர்கள். கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம் பக்கம் கம்பம் நடப் போனபோதும் அந்த ஒழுங்கை விடவில்லை. இன்று நாங்கள் மாலையில் வீடு திரும்புவதில் உங்கள் கண்டிப்புக்குப் பங்குண்டு."

"உங்கள் பணிக்காலத்தில் ஒரு விபத்தும் நிகழவில்லை" என்று ஒருவர் எழுதித் தந்ததைச் சேர்க்கவில்லை. பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்யாத எதையும் மடலில் போடக்கூடாது. அரங்கில் யாருக்காவது பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தால் அண்ணனுக்கே சங்கடம்.

அதிகம் யோசித்தது பணிக்காலக் கணக்கைத்தான். பணிப்பதிவேட்டின்படி 1998 முதல் 27 ஆண்டு. ஆனால் அவர் 1991 முதலே ஒப்பந்தத் தொழிலாளியாகக் குழி தோண்டி, கம்பம் தூக்கியவர். 27 என்று மட்டும் போட்டால் அந்த ஏழு ஆண்டு உழைப்பு இல்லாமல் போகும். 34 என்று மட்டும் போட்டால் பதிவேட்டோடு முரண்படும். "1991இல் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து, 1998இல் நிரந்தரமாகி, கம்பியாளராக உயர்ந்து" என்று ஆண்டுகளைச் சொல்லிவிட்டோம். ஒப்பந்த காலத்தைக் கடந்து வந்த எவருக்கும் இப்படித்தான் எழுத வேண்டும்.

மடல் 140 சொற்களில் முடிந்தது. நிதானமாக வாசிக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்கு மேல் போனால் ஏ3 தாளில் எழுத்து சிறுத்து, சுவரில் மாட்டிய பிறகு படிக்க முடியாது. முதல் வரியில் "அவர்" என்று தொடங்கிப் பாதியில் "நீங்கள்" என்று மாறியிருந்ததையும் திருத்தினோம். மடல் அவரிடம் பேசுவது. முழுக்க "நீங்கள்" என்றே இருக்கட்டும்.

அச்சில்தான் தடுமாறினோம். நாம் யூனிகோடில் அனுப்பியது கடையின் பழைய எழுத்துருவில் வராததால், அங்கே மறுபடி தட்டச்சு செய்தார்கள். "பணி" இரண்டு இடங்களில் "பனி" ஆகிவிட்டது. நாம் பிழை திருத்தி அனுப்பியதாயிற்றே என்று இருந்துவிட்டால் இது கண்ணில் படாது. எனவே கடையில் எடுத்த படியையே, மடலை எழுதாத ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். எழுதியவர் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். பெயரின் முன்னெழுத்தைப் பணிப்பதிவேட்டோடு ஒப்பிடுவதும் அவர் வேலை.

கையெழுத்துக்கு நான்கு நாள் பிடித்தது. ஷிப்டில் இருப்பவர்கள் ஒரே நாளில் கிடைப்பதில்லை. பளபளப்பான தாளில் பால் பாயிண்ட் பிடிக்காது, ஜெல் பேனா இழுகும். ஆகவே மேட் தாளில் அச்சிட்டு, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே கண்ணாடிச் சட்டம் போட்டோம்.

வரும் ஆண்டில் நம் போர்மேன் ஓய்வு பெறுகிறார். அவர் பிறந்த தேதி அக்டோபர் 1. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்தைய மாதக் கடைசி நாளே ஓய்வு நாள் என்பதால், விழா செப்டம்பர் 30 அன்று. அவரிடம் நீங்கள் கற்ற வேலையை எழுதி ஆகஸ்ட் கடைசிக்குள் செயலாளரிடம் தாருங்கள்.