ஆண்டறிக்கை: மின் நிலையப் பொறியாளர் படிப்பு வட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு வழக்கம்போல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, கூட்டுச் சுழற்சி மின் நிலையத்தின் புகைபோக்கி வெப்பநிலையையே இந்த ஆண்டு முழுவதும் படித்தோம்.

முதலில் ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டோம். எரிபொருளின் வெப்பம் 100 பங்கு என்றால், எரிவாயு டர்பைன் 38 பங்கை மின்சாரமாக்குகிறது. மீதி ஏறக்குறைய முழுவதும் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியேறுகிறது. அதை வெப்ப மீட்புக் கொதிகலனுக்குள் செலுத்தி நீராவி எடுக்கிறோம்.

அந்தக் கொதிகலனின் டிரம்மில் 60 பார் அழுத்தம் இருந்தால் தண்ணீர் சுமார் 276 டிகிரியில்தான் கொதிக்கும். ஆகவே கொதிக்கும் பகுதியைத் தாண்டும் புகை அதற்குக் கீழே குளிரவே முடியாது. 10 டிகிரி இடைவெளி விட்டால் 286. இந்த இடைவெளியைத்தான் பிஞ்ச் பாயிண்ட் என்கிறோம். எவ்வளவு நீராவி கிடைக்கும் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது. அந்த அளவுத் தண்ணீரைச் சூடேற்றிய பிறகும் புகை 150 டிகிரிக்கு மேலேயே வெளியேறுகிறது. நீராவி டர்பைன் தருவது 18 பங்கு, மொத்தம் 56.

டிரம்மின் அழுத்தத்தைக் குறைத்தால் என்ன என்று இளம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஆண்டின் மிகச் சிறந்த கேள்வி அதுதான். குறைத்தால் நீராவி கூடும், புகையும் குளிரும். ஆனால் ஒவ்வொரு கிலோ நீராவியும் செய்யும் வேலை குறையும். அதனால்தான் உயர் அழுத்த டிரம்மை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் 5 பார் அளவில் இன்னொரு டிரம்மைச் சேர்க்கிறார்கள். புகை 100 டிகிரியை நெருங்குகிறது. இன்னும் ஏறக்குறைய ஒரு பங்கு மின்சாரம் கூடுகிறது. ஒரு சொட்டு எரிபொருளும் கூடுதலாக இல்லாமல் கிடைக்கும் பங்கு அது! பெரிய நிலையங்களில் மூன்று அழுத்தங்கள் வரை போகிறார்கள். பிரான்சின் பூஷேன் நிலையம் 2016-இல் 62.22 சதவீதத் திறனை எட்டியது.

அதற்காகப் புகையை விருப்பம்போல் குளிர்விக்கவும் முடியாது. உள்ளே வரும் தண்ணீர் 55 டிகிரிக்கும் கீழே இருந்தால் கடைசிக் குழாய்களின் மேல் ஈரம் படிந்து துரு ஏறக்கூடும். எரிபொருளில் கந்தகம் இருந்தால் அந்த எல்லை இன்னும் மேலே போகும். சூடேறிய தண்ணீரில் ஒரு பகுதியைத் திருப்பி நுழைவாயிலில் கலப்பது இதற்காகத்தான்.

ஓர் உறுப்பினரின் நிலையத்தில் அதே சுமையில் புகைபோக்கி வெப்பநிலை மெல்ல மெல்ல ஏறியது. குழாய்களில் அழுக்குப் படிந்திருக்கிறது என்றே பலரும் நினைத்தோம். அப்படியானால் புகைப் பாதையின் அழுத்த இழப்பும் ஏறியிருக்க வேண்டும். எரிவாயு டர்பைனின் உற்பத்தியும் சற்றுக் குறைந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. நிறுத்தத்தின்போது உள்ளே இறங்கிப் பார்த்ததில், குழாய்த் தொகுதிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த தடுப்புத் தகடுகள் விலகியிருந்தன. புகை குழாய்களைத் தொடாமலே அந்தச் சந்து வழியாக ஓடிக்கொண்டிருந்தது. தகடுகளைச் சரிசெய்ததும் வெப்பநிலை இறங்கியது.

புகைபோக்கி வெப்பநிலையையும் அழுத்த இழப்பையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் பதிவுசெய்து, அடுத்த கூட்டத்திற்கு அனைவரும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்